பட்டையில் மவுஸை வைத்ததும் தெரியும் சிறுபடம்

இணையத்தில் படம் பார்க்கும்போது, தவறவிட்ட காட்சியைத் தேடிக் கீழே உள்ள பட்டையில் மவுஸை நகர்த்துகிறோம். அந்த நேரத்தில் என்ன காட்சி வரும் என்பதை மேலே ஒரு சிறுபடம் காட்டுகிறது. பெரும்பாலான தளங்களில் இந்தச் சிறுபடம் அந்தக் கணத்தில் வீடியோவிலிருந்து எடுக்கப்படுவதில்லை; முன்பே தயாரித்து வைக்கப்படுகிறது.

வீடியோ சுருக்கப்படும் விதம்தான் இதற்குக் காரணம். அதில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. சில விநாடிகளுக்கு ஒருமுறை கீஃபிரேம் என்ற முழுப் படம் வரும். இடையில் வருபவை, மற்றப் படங்களிலிருந்து எது மாறியது என்பதை மட்டுமே வைத்திருக்கும். நடுவில் உள்ள ஒரு காட்சியைக் காட்ட, முந்தைய கீஃபிரேமிலிருந்து தரவை இறக்கி வரிசையாக விரித்தாக வேண்டும். மவுஸ் ஓடும் வேகத்துக்கு இது ஈடுகொடுக்காது. சிறுபடங்களைத் தனித்தனிக் கோப்புகளாக வைத்தாலோ, ஒவ்வொன்றுக்கும் சர்வரிடம் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே தபால்தலைத் தாள் போல நூறு சிறுபடங்களை ஒரே பெரிய படத்தில் வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். இதன் பெயர் ஸ்பிரைட் ஷீட்.

ஒரு மணி 40 நிமிடம் ஓடும் திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 6000 விநாடி. பத்து விநாடிக்கு ஒன்று என்றால் 600 சிறுபடங்கள். ஒவ்வொன்றும் 160 பிக்சல் அகலம், 90 பிக்சல் உயரம். பத்துக்குப் பத்தாக அடுக்கினால் ஆறு ஷீட் வரும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் இதற்கு ஒரே கட்டளை போதும்:

```
ffmpeg -i film.mp4 -vf "fps=1/10,scale=160:90,tile=10x10" -q:v 5 sheet-%d.jpg
```

600 படங்களையும் ஒரே ஷீட்டில் ஏன் போடக் கூடாது? ஜேபெக் கோப்பு சிறியதாக இருந்தாலும், பிரவுசர் அதைத் திரைக்காக விரிக்கும்போது ஒரு பிக்சலுக்கு நான்கு பைட் பிடிக்கும். நூறு படம் உள்ள ஷீட்டுக்கு சுமார் 5.8 எம்பி நினைவகம் போதும். எல்லாம் ஒரே ஷீட் என்றால் சுமார் 35 எம்பி. விலை குறைந்த போன் அதில் திணறும். ஆறாகப் பிரித்தால், மவுஸ் நிற்கும் பகுதிக்கான ஷீட்டை மட்டும் இறக்கினால் போதும்.

இனி பிளேயருக்கு வழி சொல்ல வேண்டும். பார்ப்பவர் 47 நிமிடம் 12 விநாடியில் மவுஸை வைக்கிறார் என்போம். அது 2832-ஆவது விநாடி. பத்தால் வகுத்து மீதியை விட்டால் 283. பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் முதல் இரண்டு ஷீட்டில் 200 படம் போக, மூன்றாவதில் 83 என்ற எண்ணுள்ள படம் வேண்டும். அதற்கு மேலே எட்டு வரிசை, இடப்பக்கம் மூன்று படம். 3 × 160 = 480; 8 × 90 = 720. இதை வெப்விடிடி என்ற எழுத்துக் கோப்பில் இப்படி எழுதுவார்கள்:

```
WEBVTT

00:47:10.000 --> 00:47:20.000
sheet-3.jpg#xywh=480,720,160,90
```

இப்படி 600 பதிவுகள். சில வரி நிரல் எழுதினால் அதுவே உருவாக்கித் தந்துவிடும். பிளேயர் அந்த இடத்தை மட்டும் ஒரு சிறு சட்டத்துக்குள் காட்டி, மற்றதை மறைத்துவிடும்.

பிழைகள் பெரும்பாலும் எண்ணுவதில்தான் நேர்கின்றன. படங்களை நாம் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறோம். மேலே உள்ள கட்டளையோ ஷீட்டுக்கு ஒன்றிலிருந்து பெயர் வைக்கிறது. இதை மறந்தால் காட்சி ஆயிரம் விநாடி, அதாவது 16 நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போகும். அகலத்திரைப் படத்தை 160:90-க்குள் அடைத்தால் முகங்கள் நீண்டு தெரியும். அப்போது `scale=160:-2` என்று எழுதி உயரத்தை மென்பொருளின் கணக்குக்கே விட்டு, கிடைத்த உயரத்தையே வெப்விடிடியிலும் எழுத வேண்டும். ஒரு பிக்சல் பிசகினாலும் ஒவ்வொரு வரிசைக்கும் பிசகு கூடி, கடைசி வரிசையில் பக்கத்துப் படத்தின் ஓரம் எட்டிப் பார்க்கும். கடைசி ஷீட் நிரம்பாவிட்டால் மிச்ச இடம் கறுப்பாகிவிடும். வெப்விடிடி படத்தின் நீளத்தோடு முடியாவிட்டால் அந்தக் கறுப்புதான் முன்னோட்டமாகத் தெரியும்.

இந்தப் பிழைகளைத் திரைப்படத்தை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம். ஒரே இடத்தில் நடக்கும் காட்சியில் பத்து விநாடி பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. எஃப்எஃப்எம்பெக்கிலேயே விநாடி எண்ணைத் திரையில் காட்டும் `testsrc` என்ற சோதனை வீடியோ இருக்கிறது. ஒரு ஷீட்டைத் தாண்டும் நீளத்துக்கு, 1200 விநாடி போல, அதை உருவாக்கி அதற்கு ஷீட் தயாரியுங்கள். மேலே உள்ள கட்டளை ஒவ்வொரு பத்து விநாடியின் நடுப்பகுதிப் படத்தை எடுப்பதால், சிறுபடத்தில் தெரியும் எண்ணுக்கும் பட்டையின் நேரத்துக்கும் ஐந்து விநாடி வரை வித்தியாசம் இருக்கலாம். அதற்கு மேல் போனால், ஷீட்டை வெளியிடாமல் முதலில் கணக்கைத் திருத்துங்கள்.