மரச்செக்கு எண்ணெய்: விற்பனை கூடியும் லாபம் குறைவது ஏன்?

நிலக்கடலை, எள், தேங்காயை அப்படியே விற்காமல் செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்கும் விவசாயிகள் பலர், "மாதம் எத்தனை லிட்டர் விற்றால் கையைக் கடிக்காது?" என்று கேட்கிறார்கள். ஒரே எண்ணெய் என்றால் இதற்கு ஒரே விடைதான். மூன்று எண்ணெய் என்றால், எது எவ்வளவு விற்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். ஓர் உதாரணக் கணக்கில் பார்ப்போம். விலைகளை உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு லிட்டரில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு சுமார் இரண்டரை கிலோ பருப்பு தேவை. கிலோ 90 ரூபாய் என்றால் 225 ரூபாய். பாட்டில், லேபிள், கரன்ட் சேர்த்து 25 ரூபாய். புண்ணாக்கு விற்ற வரவு 50 ரூபாயைக் கழித்தால் அடக்கம் 200 ரூபாய். 240 ரூபாய்க்கு விற்றால் 40 ரூபாய் மிஞ்சும். இதேபோல் கணக்குப் போட்டதில் நல்லெண்ணெயில் 90 ரூபாயும், தேங்காய் எண்ணெயில் 50 ரூபாயும் மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம்.

அடுத்தது, ஒரு லிட்டர்கூட விற்காவிட்டாலும் வந்து நிற்கும் மாதச் செலவு. கொட்டகை வாடகை, ஆள் சம்பளம், கடன் வட்டி, மெஷின் தேய்மானம் எல்லாம் சேர்த்து 45,600 ரூபாய் என்று கொள்வோம். இதில் உங்கள் சொந்த உழைப்புக்கான கூலியும் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் வரும் லாபம் பொய்க் கணக்கு.

மாதம் 1,000 லிட்டர் விற்கிறது. கடலை 500, நல்லெண்ணெய் 300, தேங்காய் 200. இவற்றில் மிஞ்சுவது முறையே 20,000, 27,000, 10,000. மொத்தம் 57,000 ரூபாய். லிட்டருக்குச் சராசரி 57 ரூபாய். 45,600-ஐ 57-ஆல் வகுத்தால் 800 லிட்டர். இதுதான் லாபமும் நட்டமும் இல்லாத சமநிலைப் புள்ளி. விற்பது 1,000 என்பதால் 200 லிட்டர், அதாவது 20 சதவிகிதம் விற்பனை குறைந்தாலும் நட்டம் வராது. இதைப் பாதுகாப்பு இடைவெளி என்பார்கள். மாத லாபம் 11,400 ரூபாய்.

பலர் சறுக்குவது இங்கேதான். 40, 90, 50 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 60 என்று போடுகிறார்கள். அப்படிப் போட்டால் 760 லிட்டரிலேயே முதல் தேறிவிட்டது போலத் தெரியும். மூன்று எண்ணெயும் சம அளவில் விற்றால்தான் அந்தக் கணக்கு பொருந்தும்.

இப்போது ஒரு ஹோட்டல்காரர் மாதாமாதம் 200 லிட்டர் கடலை எண்ணெய் கேட்கிறார். அதே விலை, ரொக்கம். ஒப்புக்கொள்கிறீர்கள். செக்கு ஒன்றுதான் என்பதால் எள் ஆட்ட நேரம் போதவில்லை. நல்லெண்ணெய் 300-லிருந்து 150 லிட்டராக இறங்குகிறது. மொத்த விற்பனை 1,050 லிட்டர். பார்வைக்கு வியாபாரம் வளர்ந்திருக்கிறது. ஆனால் மிஞ்சுவது கடலையில் 28,000, நல்லெண்ணெயில் 13,500, தேங்காயில் 10,000. மொத்தம் 51,500 ரூபாய்தான். லிட்டருக்குச் சராசரி 49 ரூபாய் சொச்சம். சமநிலைப் புள்ளி 930 லிட்டராக ஏறிவிட்டது. பாதுகாப்பு இடைவெளி 120 லிட்டர், சுமார் 11 சதவிகிதம். லாபம் 5,900 ரூபாய், ஏறக்குறையப் பாதி.

ஹோட்டல் ஆர்டரே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. செக்கு சும்மா கிடக்கும் நேரத்தில் ஆட்டிக் கொடுத்தால் அந்த 200 லிட்டரில் கிடைக்கும் 8,000 ரூபாயும் கூடுதல் வரவு. எள்ளின் நேரத்தை எடுத்துக்கொண்டதால்தான் 13,500 ரூபாய் போனது. ஆகவே பெரிய ஆர்டர் வந்தால் விலையைப் பேசும் முன், எதை நிறுத்திவிட்டு இதை ஆட்டப்போகிறோம் என்று பாருங்கள். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் கேட்டு வரும் சமயத்தில் இது இன்னும் முக்கியம்.

கலவை மாதாமாதம் மாறும்போது லிட்டர் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. நோட்டில் தினமும் விற்ற லிட்டரை எழுதி, பக்கத்தில் மிஞ்சிய தொகையைப் போடுங்கள். கடலை என்றால் லிட்டருக்கு 40, நல்லெண்ணெய் 90, தேங்காய் 50. அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே வந்தால், 45,600-ஐத் தாண்டும் தேதி தெரிந்துவிடும். விற்பனை மாதம் முழுக்கச் சீராக இருந்தால், மேலே சொன்ன முதல் மாதத்தில் அது 24-ம் தேதி. ஹோட்டல் ஆர்டருக்குப் பிறகு 27-ம் தேதி. தேதி பின்னால் தள்ளிப்போனால் கலவை மோசமாகியிருக்கலாம், இல்லையென்றால் விற்பனை குறைந்திருக்கும். எது என்பதை அதே நோட்டின் லிட்டர் பத்தி சொல்லிவிடும்.

பருப்பு விலையோ புண்ணாக்கு விலையோ மாறினால் இந்த 40, 90, 50-ஐயும் அன்றே திருத்துங்கள். புண்ணாக்கு வரவு லிட்டருக்கு 10 ரூபாய் குறைந்தால், கடலை எண்ணெயில் மிஞ்சுவது 40 அல்ல, 30 ரூபாய்தான்.