மரம் ஏன் ‘மாம்’ ஆனது?

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள் உண்டு, ஆசிரியர்கள் இருவர்தான். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில், ஒரே கரும்பலகையின் முன் உட்கார்ந்துவிடும். புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பலகை எழுத்தைப் பற்றியவை அதிகம். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஆங்கிலத்தைத் தனித்தனி எழுத்தாக எழுதுவதா, சேர்த்தெழுதும் கர்சிவ் முறையிலா?

தனித்தனி எழுத்தாகத்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கர்சிவ் எழுதப் பழகியிருந்தாலும் இதுவே என் பதில்.

ஒரு நாள் வேனிற்காலத்தைக் குறிக்கும் ‘சம்மர்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கர்சிவில் எழுதினேன். நடுவில் ஒரு ‘யூ’, இரண்டு ‘எம்’. சேர்த்தெழுதினால் அந்த மூன்றும் ஒரே அலைக்கோடாக ஓடும். எந்த வளைவோடு ஓர் எழுத்து முடிகிறது என்பது, சொல்லை முன்பே அறிந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். ஐந்தாம் வகுப்பு தயங்காமல் வாசித்தது. மூன்றாம் வகுப்பில் பாதி நோட்டுகளில் ஓர் ‘எம்’தான் இருந்தது. முதல் எழுத்தான ‘எஸ்’ஸும் கடைசி எழுத்தான ‘ஆரு’ம் கர்சிவில் வேறு உருவம் எடுப்பவை. பாடப்புத்தகத்தில் பார்த்த எழுத்தைத் தேடிய சின்னப் பிள்ளைகளுக்கு அவை பலகையில் கிடைக்கவே இல்லை.

பார்த்து எழுதும் குழந்தை முழுச்சொல்லையும் மனத்தில் ஏந்திக்கொண்டு குனிவதில்லை. இரண்டு மூன்று எழுத்தைப் பார்க்கும், குனிந்து எழுதும், நிமிர்ந்து விட்ட இடத்தைத் தேடும். எழுத்துகளுக்கிடையே உள்ள வெற்றிடம்தான் அதற்கு அடையாளக்கல். கர்சிவ் அந்தக் கல்லைப் பிடுங்கிவிடுகிறது. பெரிய பிள்ளைகள் ஊகித்து வாசிப்பார்கள். ஊகிக்கத் தெரியாதவர்களுக்கு ஏற்ற எழுத்துதான் கலப்பு வகுப்புக்கான எழுத்து.

அப்படியானால் நான்காம், ஐந்தாம் வகுப்புக்குக் கர்சிவை எப்போது காட்டுவது?

காலையில், ஒரே ஒரு வரி. பலகையின் வலது ஓரத்தில் நான்கு கோட்டு நோட்டைப் போலவே கோடு போட்டு, எழுத்து எங்கே தொடங்குகிறது, எங்கே அடுத்ததைத் தொடுகிறது என்று அவர்கள் கண்முன் மெதுவாக எழுதிக் காட்டுங்கள். எழுதி முடித்ததைப் பார்ப்பதைவிட எழுதும் கையைப் பார்ப்பதில்தான் பயன். பயிற்சி முடிந்ததும் அழித்துவிடுங்கள். பாடக்குறிப்போ வீட்டுப்பாடமோ கர்சிவில் வேண்டாம். “டீச்சர் ரன்னிங்ல எழுதினாத்தான் நல்ல ஸ்கூல்” என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. அவர்களுக்கு அந்த ஒரு வரிப் பயிற்சி நோட்டைக் காட்டினால் போதும்.

தமிழில்தான் கர்சிவே இல்லையே, அதில் என்ன சிக்கல்?

எனக்கு அதிகம் அடி விழுந்தது தமிழில்தான்.

அவசரமாக ‘மரம்’ என்று எழுதினேன். ‘ர’வின் அடியில் வரவேண்டிய சாய்ந்த வாலை இழுக்காமல் விட்டுவிட்டேன். வால் போனால் ‘ர’ துணைக்கால் ஆகிவிடும். ஒன்றாம் வகுப்பு ஒருமித்து ‘மாம்’ என்று வாசித்தது. நான்காம் வகுப்புக்கு அது மரமாகவே தெரிந்தது, ஏனென்றால் ‘மாம்’ என்று ஒரு சொல் கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியும். வால் இல்லாத ‘ர்’, ‘ரி’ அச்சில்கூட வரும். மேலே புள்ளியோ கொக்கியோ இருப்பதால் அங்கே குழப்பம் குறைவு. தனி ‘ர’வில் மட்டும் வாலைக் கண்டிப்பாக இழுங்கள்.

இதேபோல ‘எ’வையும் ‘ஏ’வையும் பிரிப்பது அடியில் வரும் ஒரு சிறு சாய்கோடு. கொம்பின் குறில் நெடிலைப் பிரிப்பது மேலே ஒரு சுழி. மூன்றுசுழி ‘ண’வில் ஒரு சுழியை விழுங்கினால் பணி பனியாகிவிடும். இவை எல்லாம் வேகத்தில் முதலில் தொலைகிற உறுப்புகள். அழகான கையெழுத்து உள்ளவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள் என்பது என் கணிப்பு. ஓட்டத்தின் அழகுக்காகவே சுழியைச் சுருக்கிவிடுவார்கள்.

இன்னொன்று, பழைய ‘லை’. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிடும் வரை லை, ளை, ணை, னை நான்கும் தும்பிக்கை போல வளைந்த கொம்போடு எழுதப்பட்டன. றா, ணா, னா மூன்றும் அப்படித்தான், துணைக்கால் தனியே நிற்காமல் எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய உருவத்தில் பழகிய மூத்த ஆசிரியர்களின் கை, கவனம் பிசகினால் இன்னும் அங்கேதான் போகும். புத்தகத்தில் இல்லாத அந்த உருவத்தைப் பிள்ளைகள் எழுத்தாக எண்ணாமல் படமாக வரைந்து வைப்பார்கள்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

கண் பரிசோதனை அட்டையில், நல்ல பார்வை உள்ளவர் 6 மீட்டரிலிருந்து கண்டுபிடிக்க வேண்டிய எழுத்தின் உயரம் 9 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அது பார்வையின் எல்லை. நாளெல்லாம் பார்த்து எழுத அதைப்போல மூன்று மடங்காவது வேண்டும் என்பது என் கணக்கு. கடைசி வரிசை 6 மீட்டரில் இருந்தால் ஆங்கிலச் சிறிய எழுத்தின் உடல் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வேன்.

தமிழுக்கு அது போதாது. தேய்ந்த சாக்பீஸின் கோடு அரை சென்டிமீட்டர் அகலம் வந்துவிடும். 3 சென்டிமீட்டர் ‘ண’வில் சுழிக்குள் இருக்கும் கறுப்பை அந்த வெள்ளைக்கோடே நிரப்பிவிடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் சுழிக்குப் பதில் ஒரு பொட்டுதான் தெரியும். 5 சென்டிமீட்டராக எழுதினால் சுழி திறந்திருக்கும். வரிகளுக்கு நடுவே ஓர் எழுத்து உயர இடம் விடுங்கள். இல்லாவிட்டால் மேல்வரியின் ‘ழு’, ‘து’ போன்றவற்றின் கால், கீழ்வரியின் ‘கி’, ‘தி’ கொக்கியில் போய் இடிக்கும். பலகையின் அடிப்பகுதியில் ஓரடியை எழுதாமல் விடுவது நல்லது. முன்வரிசைத் தலைகள் மறைக்கும்.

வேகமாக எழுத வராது. பாடம் தேங்கிவிடுமே?

குறைவாக எழுதுங்கள். முழுச் சாக்பீஸைப் பாதியாக ஒடித்து, பலகையில் சாய்த்துப் பிடித்து, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை விரலில் லேசாகத் திருப்பினால் முனை கூராகவே இருக்கும். கிரீச்சென்ற சத்தமும் குறையும்.

என் எழுத்து சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

“தெரியுதா?” என்று கேட்காதீர்கள். பெரியவர்கள் “தெரியுது டீச்சர்” என்று கத்துவார்கள், சின்னவர்களும் கூடவே கத்துவார்கள். பலகையை அழிக்குமுன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, ஒன்று, இரண்டாம் வகுப்பு நோட்டுகளை மட்டும் வாங்கிப் பாருங்கள். ஒரே ஒரு பிள்ளை ‘பணி’யைப் ‘பனி’ என்று எழுதியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு ‘ண’வை இன்னொரு முறை சொல்லித்தர வேண்டும். நான்கைந்து நோட்டில் அதே இடத்தில் அதே பிழை இருந்தால், தலையை நிமிர்த்திப் பலகையைப் பாருங்கள். மூன்றாவது சுழி அங்கே இருக்காது.