ஏனாத்தூர் பீஸும் எங்கிருந்தோ வந்த லிங்க்கும்

உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமம். மகள் ஏனாத்தூரில் உள்ள பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அப்பா வயலில் நிற்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. பல்கலைக்கழக முத்திரை, மகளின் பெயர், பதிவு எண் எல்லாம் அதில் இருக்கின்றன. “செமஸ்டர் கட்டணம் நிலுவையில் உள்ளது. இன்று மாலை 5 மணிக்குள் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் நிறுத்தி வைக்கப்படும்.” கீழே ஒரு லிங்க்.

இது விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட காட்சி. ஆனால் இதுபோன்ற மோசடிகள் நம் நாட்டில் நடந்தவைதான். கோவையில் 2024-இல் போலீசாரிடம் பிடிபட்ட ஒரு கும்பல், கல்வித்துறையிலிருந்து பேசுவதாகச் சொல்லி, பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கிறது என்று பெற்றோரை நம்பவைத்து, வாட்ஸ்அப்பில் கியூஆர் கோடு அனுப்பிப் பணம் பறித்தது. ஜே.இ.இ. தேர்வுக்கு விண்ணப்பித்த மாணவர்களிடம் போலி இணையதளம் வழியாகக் கட்டணம் வசூலித்ததைப் பற்றி, தேர்வை நடத்தும் தேசிய தேர்வு முகமையே பொது எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது. அந்தப் போலித் தளத்தின் பெயர் jeeguide.co.in.

பெயரும் பதிவு எண்ணும் சரியாக இருப்பதைப் பார்த்துத்தான் பலர் நம்பிவிடுகிறார்கள். அவை எதற்கும் சான்றல்ல. சேர்க்கை விசாரணைக்கு நாம் எழுதிக்கொடுத்த படிவம், வாட்ஸ்அப் குழுவில் யாரோ பகிர்ந்த வகுப்புப் பட்டியல், சுவரில் ஒட்டிய தேர்வு முடிவு என்று இந்த விவரங்கள் கசிய எத்தனையோ வழிகள் உண்டு. பொய்யாக்க முடியாதது வேறொன்று: பணம் எந்த முகவரிக்குப் போகிறது என்பது.

இணைய முகவரியைப் படிக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஏனாத்தூரில் உள்ள ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயாவின் இணைய முகவரி kanchiuniv.ac.in. இதன் வாலில் இருக்கும் ac.in என்பதைக் கடைக்காரரிடம் போல யாரும் காசு கொடுத்து வாங்கிவிட முடியாது. எர்நெட் இந்தியா என்ற அரசு சார்ந்த அமைப்பு, கல்வி நிறுவனம்தானா என்று ஆவணம் பார்த்த பிறகே அதைக் கொடுக்கிறது. co.in, .com, .xyz போன்றவற்றை யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம்.

மோசடிக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால் இப்படி ஒரு முகவரியை அமைப்பார்கள் (இதுவும் விளக்கத்துக்கான கற்பனைதான்):

```
https://kanchiuniv.ac.in.fee-today.xyz/pay
```

இடமிருந்து படித்தால் கண் முதலில் பார்ப்பது kanchiuniv.ac.in. அங்கேதான் ஏமாறுகிறோம். https:// என்பதை விட்டுவிட்டு, அதற்கடுத்து வரும் முதல் சாய்கோட்டில் விரலை வையுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கிப் படியுங்கள். முதலில் வருவது xyz, அடுத்து fee-today. fee-today.xyz என்ற பெயரை வாங்கியவர்தான் தளத்தின் சொந்தக்காரர். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் அவர் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்ட அலங்காரம். பக்கத்தில் தெரியும் பூட்டு அடையாளத்தையும் நம்ப வேண்டாம். நம் கைப்பேசிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே மூன்றாவது ஆள் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே அது சொல்கிறது. எதிரில் இருப்பவர் யோக்கியர் என்று அது சொல்லவில்லை. மின்னஞ்சலில் அனுப்புநராகத் தெரியும் பெயரையும் போலியாகப் போட முடியும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. உண்மையான கல்லூரித் தளத்தில் கட்டணம் கட்டப் போனாலும், கடைசிப் படியில் முகவரி மாறும். பில்டெஸ்க், ரேசர்பே, எஸ்பிஐ கலெக்ட் போன்ற வேறொரு நிறுவனத்தின் பக்கத்துக்குப் போவோம். பணம் பெறுபவர் பெயரிலும் சில நேரம் அந்த நிறுவனமே தெரியும். அது இயல்பானது. ஆகவே கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்ய முடியாது. எந்த வாசல் வழியாக உள்ளே போனோம் என்பதுதான் கேள்வி. பல்கலைக்கழக முகவரியை நாமே எழுத்தெழுத்தாகத் தட்டி, அதன் கட்டணப் பகுதியிலிருந்து அங்கே போயிருந்தால் சரி. வாட்ஸ்அப் லிங்க்கை அழுத்திப் போயிருந்தால், பக்கம் எவ்வளவு அசலாகத் தெரிந்தாலும் மூடிவிடுங்கள். தேடுபொறியில் தேடும்போதும், மேலே விளம்பரம் என்ற குறிப்போடு வரும் முடிவைத் தொட வேண்டாம். அந்த இடத்தைக் காசு கொடுத்து யாரும் வாங்கலாம்.

பெயரைப் பார்த்து உறுதியாகச் சொல்லக்கூடிய ஓர் இடம் உண்டு. கியூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் பின் எண் கேட்பதற்கு முன்பு பெறுபவரின் பெயர் திரையில் வரும். அங்கே தனிமனிதர் ஒருவரின் பெயர் வந்தால் நிறுத்துங்கள். “அவர் எங்கள் அக்கவுன்டன்ட்” என்று மறுமுனையில் சொன்னாலும் நிறுத்துங்கள். கல்லூரிக் கட்டணம் எந்த ஊழியரின் சொந்தக் கணக்குக்கும் போகக் கூடாது. அதுபோல, உதவித்தொகையோ திரும்பக் கொடுக்கும் கட்டணமோ நம் கணக்குக்கு வருவதற்கு பின் எண் போடத் தேவையே இல்லை. பின் எண் கேட்டால் பணம் வெளியே போகிறது என்று பொருள். ரசீது என்ற பெயரில் .apk என்று முடியும் கோப்பு வந்தால் திறக்கக் கூடாது. அது ரசீதல்ல, கைப்பேசியில் நுழையும் செயலி. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைக்கூட அது எடுத்துக்கொள்ளலாம்.

அந்த அப்பா செய்ய வேண்டியது இதுதான். செய்தியில் உள்ள எண்ணுக்கு அழைக்காமல், பழைய கட்டண ரசீதிலோ மகளின் அடையாள அட்டையிலோ அச்சாகியிருக்கும் எண்ணுக்கு அழைக்க வேண்டும். அதைவிட எளிது, மகளை அலுவலகக் கவுண்ட்டரில் நேரில் கேட்கச் சொல்வது.

ஒருவேளை பணம் போய்விட்டால், அழுதுகொண்டிருக்கவோ வீட்டில் மறைக்கவோ நேரமில்லை. மோசடிக்காரர் அந்தப் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கும், பிறகு ஏடிஎம்முக்கும் நகர்த்திக்கொண்டே இருப்பார். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் போன நேரம், தொகை, உங்கள் வங்கி, பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தகவலை வங்கிகளுக்கு அனுப்பி, பணம் இன்னும் கணக்கில் இருந்தால் முடக்கச் செய்வார்கள். cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதிந்து, ஒப்புகை எண்ணை எழுதிவையுங்கள். முடக்கிய பணம் தானாகத் திரும்பாது. பல நேரங்களில் நீதிமன்ற உத்தரவு பெற வேண்டியிருக்கும். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் கொடுக்கும் புகார் அதற்காகவும் தேவை. ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

வங்கியிடம் நமக்குள்ள உரிமையையும் அதன் எல்லையையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி, நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் கணக்கிலிருந்து பணம் திருடப்பட்டு, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் இழப்பு நம்முடையதல்ல. தவறு நம்முடையது என்றால் அதை வங்கிதான் நிரூபிக்க வேண்டும். ஆனால் நாமே பின் எண் போட்டு அனுப்பிய பணத்தை, அனுமதியில்லாத பரிவர்த்தனை என்று வங்கி எளிதில் ஏற்காது. ஓடிபியைச் சொல்லிவிட்டாலும், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் இழப்பு. தெரிவித்த பிறகு போவதெல்லாம் வங்கியின் இழப்பு. அதனால்தான் 1930-ஐ அழைத்த கையோடு வங்கிக்கும் புகார் சொல்லி, அதற்கான எண்ணை வாங்க வேண்டும். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

போலிச் செய்தியை அழித்துவிடாதீர்கள். எண்ணும் லிங்க்கும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பல்கலைக்கழக அலுவலகத்திலும் கொடுங்கள். அதே செய்தி அன்று அதே வகுப்பில் இன்னும் பல வீடுகளுக்குப் போயிருக்கும்.