உதறுவது எந்த வேகத்தில்?

‘வண்டி உதறுது, பிக்கப்பே இல்லை’ என்று சொன்னால், பெல்ட், ரோலர், கிளட்ச் என்று மொத்தமாகக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இவை மூன்றும் இடது பக்கத்து ஒரே மூடிக்குள்தான் இருக்கின்றன. ஆனால் மூன்றும் ஒன்றாகத் தேய்வதில்லை. எது தேய்ந்திருக்கிறது என்பதை மூடியைக் கழற்றும் முன்பே பெரும்பாலும் ஊகித்துவிடலாம். வண்டி எந்த வேகத்தில் உதறுகிறது என்று கவனிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எஞ்சின் தண்டின் முனையில் இரண்டு தட்டுகள் சேர்ந்த ஒரு கப்பி இருக்கிறது. அதுதான் வேரியேட்டர். ஒரு தட்டின் பின்னால், சரிவான தடங்களில் ஆறு ரோலர்கள் உட்கார்ந்திருக்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது அவை வெளிப்பக்கமாக உருண்டு தட்டை நெருக்கித் தள்ளும். நடுவில் இருக்கும் பெல்ட் நசுங்கி மேலேறி, பெரிய வட்டத்தில் ஓடும். கியர் மாறுவது இப்படித்தான். பெல்ட் பின்கப்பியைச் சுற்ற, அதனுடன் சுற்றும் கிளட்ச் ஷூக்கள் விரிந்து, கிளட்ச் பெல் என்ற இரும்புக் கிண்ணத்தின் உட்சுவரைப் பற்றிக்கொள்ளும். அந்தக் கிண்ணம் சுற்றினால்தான் பின்சக்கரம் சுற்றும்.

எங்கள் தெருவில் ஒருவரின் 110 சிசி வண்டி, 26,000 கிலோமீட்டர் ஓடியது. சிக்னலில் கிளம்பும்போது ஹேண்டிலும் கால் வைக்கும் பலகையும் நடுங்கும். 20 கிலோமீட்டர் வேகம் தாண்டியதும் அடங்கிவிடும். மேம்பாலத்தில் இருவர் ஏறினால் எஞ்சின் கத்தும், வேகம் மட்டும் 40-க்கு மேல் போகாது. ஒரே வண்டியில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

முதலில் நடுக்கம். கிளம்பும் நேரத்தில் மட்டும் ஷூக்கள் கிண்ணத்தில் கொஞ்சம் வழுக்கிக்கொண்டே பற்றும். அவற்றின் முகம் கண்ணாடிபோல் மினுங்கிவிட்டாலோ, கிண்ணம் வட்டம் கெட்டிருந்தாலோ, பற்றுவதும் விடுவதுமாக மாறி மாறி நடக்கும். அதுதான் நம் கைக்கு உதறலாக வருகிறது. முழுதாகப் பற்றிய பிறகு வழுக்கல் இல்லை, உதறலும் இல்லை. ஆகவே 20-இல் அடங்கும் நடுக்கத்துக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளட்சைத்தான். வண்டி நிற்கும்போதே நடுங்கினால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷையோ ஐடிலிங்கையோ பார்க்க வேண்டும். இந்த மூடியைத் திறந்து பயனில்லை.

திறந்தபோது கிண்ணத்தின் உட்சுவரில் நீலத் திட்டுகள் தெரிந்தன. நகத்தால் தடவினால் வரிப்பள்ளம் தட்டியது. நீலம் என்றால் அதிகச் சூடு கண்டிருக்கிறது என்று அர்த்தம். நெரிசலில் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒன்றாகப் பிடித்து ஊர்வதும், ஏற்றத்தில் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரால் வண்டியை நிறுத்தி வைப்பதும் இந்தச் சூட்டைக் கொண்டுவரும். ஷூவை உப்புத்தாளால் தேய்த்துப் போட்டால் போதாதா? கிண்ணம் வழவழப்பாக இருந்தால் போதும். பள்ளம் விழுந்திருந்தால் சில வாரங்களில் உதறல் திரும்பிவிடும். இங்கே கிண்ணம், ஷூ இரண்டையும் சேர்த்தே மாற்றினார்கள். புதுக் கிண்ணத்தில் பழைய ஷூ சரியாகப் பதியாது. மாற்றும் முன் ஆயில் சீல் கசிகிறதா என்றும் பார்த்தார்கள். எண்ணெய் பட்டால் புது ஷூவும் உதறும்.

அடுத்து இழுவை. ரோலர்களைக் கண்ணாடி மேசையில் உருட்டினால், கொஞ்சம் உருண்டு ‘டக்’கென்று நின்றன. ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. தட்டையான ரோலர் உருளாமல் சறுக்கும், நடுவழியில் சிக்கும். குறுக்களவும் குறைந்துவிடுவதால் தட்டை முழுதாக நெருக்க முடியாது. பெல்ட் மேல்விளிம்பை எட்டாது. எஞ்சின் கத்தியும் வேகம் ஏறாததன் காரணம் அதுதான். பிக்கப் கூடும் என்று எடை குறைந்த ரோலரை விற்பவர்கள் இருக்கிறார்கள். கூடத்தான் செய்யும், எஞ்சின் எப்போதும் அதிகமாகச் சுற்றும், மைலேஜ் போகும். கம்பெனி சொன்ன எடையே போதும்.

பெல்ட் வழுக்கினாலும் இதே கத்தல் வரும். ஆனால் அப்போது ரப்பர் கருகிய வாடை இருக்கும், மூடிக்குள் கருந்தூள் குவிந்திருக்கும். இங்கே இரண்டும் இல்லை. வெர்னியரில் பெல்ட்டின் அகலம் அளந்ததில், சர்வீஸ் கையேட்டின் வரம்புக்குள் இருந்தது. பொதுவாகப் புதியதைவிட ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் மாற்றச் சொல்வார்கள். வளைத்துப் பார்த்ததில் பற்களின் அடியில் வெடிப்பும் இல்லை. ஆனாலும் பல மாடல்களுக்கு 20,000 முதல் 25,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்கிறார்கள். அறுந்தால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான், அதனால் மாற்றிவிட்டார்கள்.

புது பெல்ட்டை மாட்டும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பின்கப்பியை விரித்து பெல்ட்டை அதன் ஆழத்துக்குள் இறக்கினால்தான் முன்பக்கம் தொய்வு கிடைக்கும். இறக்காவிட்டால், முன்கப்பியின் இரு தட்டுகளுக்கு நடுவே பெல்ட் சிக்கிக்கொள்ளும். அப்படியே நட்டை முறுக்கினால் இறுகியதுபோல் தெரியும். உண்மையில் வெளித்தட்டு நடுக்குழாயைத் தொட்டிருக்காது. கொஞ்ச தூரம் ஓடியதும் பெல்ட் இறங்கி, நட்டு தளர்ந்து, எஞ்சின் தண்டின் பற்களைத் தின்றுவிடும். பிறகு பெல்ட், ரோலர் செலவோடு நிற்காது, கிராங்கையே கழற்ற வேண்டிவரும். நட்டை முறுக்கும் முன் முன்பக்கத்துப் பெல்ட்டை விரலால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தாராளமாக ஆட வேண்டும்.