பெயரை மாற்றினால் படம் மாறாது

2020 மே மாதம், கொரோனா ஊரடங்கால் அமெரிக்காவின் ஏ.பி. தேர்வுகளை மாணவர்கள் வீட்டிலிருந்தே எழுதினார்கள். தாளில் எழுதியவர்கள் விடையைப் படம் பிடித்து காலேஜ் போர்டின் தளத்தில் ஏற்ற வேண்டும். அதற்குக் கொடுத்த நேரம் ஒரு கேள்விக்கு 5 நிமிடம். ஐபோனில் எடுத்த படத்தைக் கணினிக்கு மாற்றி ஏற்றப் பார்த்த சிலருக்கு, படம் ஏறவே இல்லை, நேரம் முடிந்துவிட்டது. படங்கள் என்றால் தளம் JPG, PNG வடிவங்களைத்தான் ஏற்றது. இவர்கள் கையில் இருந்ததோ `.heic`. ஒழுங்காகப் படித்து எழுதிய பிள்ளைகள் ஜூனில் மறுதேர்வுக்கு உட்கார வேண்டியதாயிற்று.

ஆப்பிள் 2017-ல் ஐபோன் கேமராவை இந்த வடிவத்துக்கு மாற்றியது. ஏறக்குறைய அதே தரத்தில், JPG-யில் பாதி இடமே போதும் என்பதுதான் காரணம். ஆனால் உள்ளே படத்தைச் சுருக்கும் முறை காப்புரிமைக்கு உட்பட்டது. அதனால் எல்லா மென்பொருளும் இதைத் திறப்பதில்லை. விண்டோஸ் கணினியில்கூட இதற்கென்று தனி நீட்சிகள் தேவைப்படும். அவற்றில் ஒன்றுக்குச் சிறு கட்டணமும் உண்டு.

பலரைக் குழப்புவது இன்னொன்று. "போன வாரம் இதே போனிலிருந்து அனுப்பினேனே, அப்போது திறந்ததே?" என்று கேட்பார்கள். படம் எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஐபோனின் Photos செயலியிலிருந்து நேராக மெயிலில் சேர்த்தால், போனே பெரும்பாலும் அதை JPG ஆக்கி அனுப்பிவிடும். அதே படத்தை ஏர்டிராப்பில் மேக் கணினிக்கு மாற்றி, அங்கிருந்து இணைத்தால் பெரும்பாலும் `.heic` ஆகவே போய்ச் சேரும். தேர்வில் சிலர் சிக்கியதும் இந்த வழியில்தான்.

அவசரத்தில் பலரும் செய்வது, கோப்பின் பெயரில் `.heic` என்பதை அழித்துவிட்டு `.jpg` என்று தட்டுவது. பெயர்தான் மாறுமே தவிர, உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். சந்தேகம் இருந்தால் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். கிறுக்கல் போன்ற எழுத்துகளுக்கு நடுவே, முதல் வரியிலேயே `ftypheic` என்று தெரிந்தால் அது இன்னும் மாறவில்லை. உண்மையான JPG என்றால் தொடக்கத்தில் பெரும்பாலும் `JFIF` அல்லது `Exif` என்று இருக்கும். இப்படிப் பெயர் மாற்றிய கோப்பைச் சில மென்பொருள்கள் உள்ளடக்கத்தைப் பார்த்துத் திறந்துவிடும் என்பதால், நமக்குச் சரியாகத் தெரிந்து பெறுபவருக்கு மட்டும் திறக்காமல் போகலாம்.

முறையாக மாற்றுவது இதைவிடக் கடினமில்லை. ஐபோனில் படத்தை Files செயலியில் சேமித்து, அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் Quick Actions வரும். அதில் Convert Image, பிறகு JPEG. மேக்கில் Preview-வில் திறந்து, Export கொடுத்து JPEG தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் 11-ல் Photos செயலியில் படம் திறந்தால், Save as மூலம் `.jpg` ஆகச் சேமிக்கலாம். மூன்று வழியிலும் மூலப் படத்தை அழிக்காதீர்கள். JPG ஒவ்வொரு முறை மறுபடி சேமிக்கும்போதும் கொஞ்சம் நுணுக்கத்தை இழக்கும். மறுபடி தேவைப்பட்டால், மாற்றிய பிரதியிலிருந்து அல்ல, மூலத்திலிருந்தே மாற்றுங்கள்.

'இலவசமாக மாற்றித் தருகிறோம்' என்னும் இணையதளங்களில் பூப் படத்தையோ கோயில் படத்தையோ ஏற்றுவது உங்கள் விருப்பம். ஆதார் அட்டை, பாஸ்போர்ட், மருத்துவ அறிக்கை, வங்கிப் புத்தகம் இவற்றை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள். பெரும்பாலான தளங்களில் அந்தப் படம் முகம் தெரியாத ஒருவரின் கணினிக்குப் போய்த்தான் மாறி வருகிறது. பிறகு அது அழிக்கப்பட்டதா என்று நாம் பார்க்க வழியில்லை. மேலே சொன்ன வழிகளில் படம் உங்கள் கருவியிலேயே மாற்றப்படும்.

வடிவம் மாறினாலும், படத்துக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பு பெரும்பாலும் கூடவே வரும். வீட்டில் எடுத்த படம் வீடு இருக்கும் இடத்தையே காட்டிக்கொடுக்கலாம். ஐபோனில் பகிரும்போது மேலே Options என்று இருக்கும். அதில் Location-ஐ அணைத்துவிட்டு அனுப்பலாம்.

அடிக்கடி விண்ணப்பம், விடைத்தாள், சான்றிதழ் என்று அனுப்புபவராக இருந்தால், ஐபோனின் கேமரா அமைப்பில் Formats என்பதற்குள் போய் Most Compatible என்று வைத்துவிடுங்கள். அதன்பின் எடுக்கும் படங்கள் எல்லாம் JPG-யாகவே பதியும். போனில் இடம்தான் கூடுதலாகப் பிடிக்கும். ஏற்கெனவே எடுத்த படங்களை இது மாற்றாது. ஆகவே கடைசித் தேதிக்கு முன்பே, அனுப்பப் போகும் அதே வழியில் ஒரு படத்தை விண்டோஸ் கணினி வைத்திருக்கும் ஒருவருக்கு அனுப்பி, திறக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.