திங்களும் இராசிபலனும்

காவிரிக் கரையிலுள்ள பரமத்தி வேலூரில் வாழைத்தார்களும் வெற்றிலைக் கட்டுகளும் ஏலத்திற்கு வந்து குவியும். ஏலம் தொடங்குமுன் தேநீர்க் கடையில் செய்தித்தாளை விரிப்போருள் சிலர், விலை நிலவரத்தைப் பார்க்குமுன் இராசிபலனையே பார்ப்பர். “பொருள் வரவு உண்டு; எதிலும் நிதானம் தேவை” என்பது போன்ற ஒரு வரி அங்கே காணப்படும். அவ்வரி எவ்வாறு பிறக்கின்றது? அஃது ஏன் எப்பொழுதும் பிடிகொடாத சொற்களால் அமைகின்றது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போம்.

வானத்தில் ஞாயிறும் திங்களும் கோள்களும் இயங்கும் வழியை நம் முன்னோர் ஒரு வட்டமாகக் கொண்டு, அதனை மேடம் முதல் மீனம் ஈறாகப் பன்னிரண்டு இராசிகளாகப் பகுத்தனர். ஓர் இராசிக்கு 30 பாகை. இவ்வட்டத்தையே அசுவினி முதல் இரேவதி வரை 27 நட்சத்திரங்களாகவும் பகுத்தனர். ஆகவே, ஓர் இராசியில் இரண்டேகால் நட்சத்திரங்கள் அடங்கும். திங்கள் இவ்வட்டத்தை ஏறத்தாழ 27 நாள் 8 மணியில் ஒருமுறை சுற்றி வருகின்றது. எனவே, ஓர் இராசியைக் கடக்க அதற்கு ஏறக்குறைய இரண்டேகால் நாள் வேண்டும். ஞாயிறு ஓர் இராசியில் ஒரு மாதமும், வியாழன் ஏறத்தாழ ஓராண்டும், சனி ஏறத்தாழ இரண்டரை ஆண்டும் தங்குவன. சனியைக் கொண்டு நாள்தோறும் புதிய பலன் எழுதப் புகுந்தால், இரண்டரை ஆண்டுக்கும் ஒரே பலனையே எழுத நேரும். இன்றைய வரி நேற்றைய வரியின் வேறாக இருத்தல் வேண்டுமாயின், விரைந்து செல்லும் திங்களையே பற்றுக்கோடாகக் கொள்ளல் வேண்டும்.

ஒருவன் பிறந்தபோது திங்கள் நின்ற இராசி அவனது சன்ம இராசி எனப்படும். அதனை ஒன்று எனக் கொண்டு, இன்று திங்கள் நிற்கும் இராசி வரை எண்ணுவர். இதுவே கோசாரம் என்னும் முறை. அவ்வெண் 1, 3, 6, 7, 10, 11 ஆகியவற்றுள் ஒன்றாயின் நன்மை. 2, 4, 5, 8, 9, 12 ஆயின் நன்மையன்று என்பது பழைய விதி. இவற்றுள் எட்டாம் இடமே மிகுதியும் அஞ்சப்படுவது. அதனையே சந்திராட்டமம் என நாட்காட்டிகளில் அச்சிடுகின்றனர்.

இதனை ஓர் உண்மையான நாளில் வைத்துப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, திங்கள் கும்ப இராசியில் நின்றது. கும்ப இராசியினர்க்கு அஃது ஒன்றாம் இடம்; நன்மை. கடக இராசியினர் கடகம், சிம்மம், கன்னி, துலாம், விருச்சிகம், தனுசு, மகரம், கும்பம் என எண்ணினால் எட்டு வரும், அவர்க்குச் சந்திராட்டமம். இவ்வாறே எண்ணிச் சென்றால் மேடம், இடபம், சிம்மம், கன்னி, தனுசு, கும்பம் ஆகிய ஆறும் நற்பலன் பெறும்; எஞ்சிய ஆறும் பெறா. திங்கள் எங்கு நின்றாலும் இக்கணக்கு மாறுவதில்லை. எந்நாளும் ஆறு இராசிக்கு நன்மை, ஆறு இராசிக்கு இன்மை. பெயர்கள் மட்டுமே இடம் மாறுகின்றன. பன்னிரண்டு இடங்களுக்கும் உரிய சொற்களை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால், திங்கள் நகருந்தோறும் அவற்றை ஓர் இராசி தள்ளி வைப்பதே வேலை. “வரவு, அலைச்சல், ஆதாயம்” என ஒற்றைச் சொல்லாக வரும் பலன்களில் இதனை எளிதிற் காணலாம். விரித்து எழுதுவோர் பிற கோள்களின் நிலையையும் சிறிது கலந்து சொற்களை மாற்றி அமைப்பர்.

இனி, தெளிவின்மைக்குக் காரணங்களை ஆராய்வோம். முதற் காரணம் திங்களின் நடையிலேயே உள்ளது. அது நள்ளிரவில் இராசி மாறும் என்னும் நியதி இல்லை. மேற்கூறிய செப்டம்பரில், 8ஆம் நாள் பிற்பகலில் அது கும்பத்தை விட்டு மீனத்தில் புகுந்தது. சிம்ம இராசியினர்க்கு அதுவரை ஏழாம் இடத்தில் நின்ற திங்கள், அப்பொழுதே எட்டாம் இடத்தை அடைந்தது. ஆகவே, முற்பகலில் நன்மை, பிற்பகலில் சந்திராட்டமம். முன்னிரவிலேயே அச்சேறும் நாளிதழில் அவர்க்கு உள்ள இடமோ ஒரு வரி. “நன்மை உண்டு, ஆயினும் கவனம் தேவை” என்று எழுதுவதன்றி வேறு வழி யாது? வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் இராசி மாறும் நேரத்தில் வேறுபடுவதும் உண்டு. பொதுப்படையான சொல்லே இரண்டுக்கும் பொருந்தி நிற்கும்.

இரண்டாவது காரணம் மக்கள் தொகை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள் 7 கோடியே 21 இலட்சத்தவர். அவர்களைப் பன்னிரண்டாகப் பகுத்தால், ஓர் இராசிக்கு ஏறத்தாழ 60 இலட்சம் பேர். அத்துணைப் பேர்க்கும் ஒரே வரி. வேலூர் ஏலத்தில் தார் விற்கும் உழவரும், அதனை வாங்கும் வணிகரும் ஒரே இராசியினர் எனக் கொள்வோம். “வாழைத்தார் விலை உயர்ந்து மகிழ்வீர்” என்று எழுதினால் உழவர் மகிழ்வார். வணிகர்க்கு அது பொய்யாகும். “வியாபாரத்தில் எதிர்பாராத மாற்றம்” என்று எழுதினாலோ இருவரும் தலையசைப்பர். முறையாகச் சாதகம் கணிப்போர் ஒருவர் பிறந்த நேரத்தையும் ஊரையும் கேட்டு, ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை மாறும் இலக்கினத்தைக் கண்டு, ஒன்பது கோள்களையும் தசாபுத்தியையும் வைத்தே பலன் கூறுவர். நாளிதழில் எழுதுவோர்க்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது.

மூன்றாவது காரணம் படிப்போர் உள்ளத்தில் இருக்கின்றது. அமெரிக்க உளவியல் அறிஞர் பெர்ட்ரம் போரர் என்பார் 1948இல் தம் மாணவர் 39 பேர்க்கு ஒரு தேர்வு வைத்து, “இஃது உம் குணநலன்” என்று ஒவ்வொருவர்க்கும் ஒரு தாள் கொடுத்தார். அஃது எவ்வளவு பொருந்துகின்றது என ஐந்துக்கு மதிப்பிடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பின்னரே அனைவர் தாளும் ஒன்றே என்பதை அவர் வெளியிட்டார். அவ்வரிகளும் கடையில் விற்ற ஒரு சோதிட நூலினின்று பெரும்பாலும் எடுக்கப்பட்டவை. சொல் வெற்றிடமாக இருப்பின், படிப்பவர் தம் வாழ்க்கையைக் கொண்டு அதனை நிரப்பிக்கொள்கின்றார். நிரப்பியவர் தாமே என்பதை அவர் அறிவதில்லை.

மாணவர்களே! இதனை நீவிரும் சோதிக்கலாம். பத்து நாட்களின் பலன்களை இராசிப் பெயரின்றி எழுதி, நாள் முடிந்தபின் வீட்டாரிடம் காட்டி, “இவற்றுள் உம் நாளுக்குரியது எது?” என்று கேளுங்கள். பன்னிரண்டில் ஒன்றை ஊகத்தாலேயே சரியாகச் சொல்லிவிடலாம். அதனினும் மிகுதியாகப் பொருந்துகின்றதா என்பதே வினா. இன்னொரு சோதனையும் உண்டு. “இன்னது நடவாவிடின் இவ்வரி பொய்” என்று சொல்ல இயலுமா எனப் பாருங்கள். மேற்கூறிய செப்டம்பர் 7ஆம் நாள் இரவு முழுச் சந்திர கிரகணம் நிகழும் என்றும், 11 மணியளவில் திங்கள் முற்றும் மறையும் என்றும் முன்னரே கணித்திருந்தனர். மறையாதிருந்தால் கணிதம் பிழையென்று சிறுவரும் கூறியிருப்பர். ஆனால் அது கணித்தவாறே மறைந்தது. திங்கள் நிற்கும் இடம் கணிதத்தால் அறியப்படுவது. அவ்விடத்தினின்று ஒருவரது வரவையும் செலவையும் கூறும் படியில்தான் கணிதம் இல்லை.

எட்டாம் இடம் ஒவ்வொருவர்க்கும் 27 நாளுக்கு ஒருமுறை வருவது. ஓராண்டில் அந்நாட்களைக் கூட்டினால் ஏறத்தாழ 30 நாள் ஆகும். அந்நாட்களிலெல்லாம் நற்செயல் தொடங்காதிருப்பவர் ஆண்டில் ஒரு மாதத்தை இழக்கின்றார். கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலையும் வெட்டிய தாரும் இரண்டேகால் நாள் காத்திரா. சந்திராட்டமம் கழியட்டும் என்று ஏலத்திற்குச் செல்லாத உழவர், திங்களால் அன்று, தாம் படித்த வரியாலேயே பொருள் இழப்பார்.