ஒருவித்திலை, இருவித்திலைத் தாவரங்களின் வேர், தண்டு உள்ளமைப்பு

பூக்கும் தாவரங்களின் இளம் வேரையும் இளம் தண்டையும் மெல்லிய வட்டச் சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் காண்பது குறுக்குவெட்டுத் தோற்றம் எனப்படும். வேளாண்மைப் பட்டப்படிப்பின் முதலாண்டுத் தாவரவியல் செய்முறையில் பெயர் குறிப்பிடாத ஒரு சீவலைக் கொடுத்து, அது எந்த உறுப்பு, எவ்வகைத் தாவரம் என்று கண்டறியச் சொல்வது வழக்கம். இதற்கு இரண்டு கேள்விகளை வரிசை மாறாமல் கேட்டால் போதும். முதல் கேள்வி, இது வேரா தண்டா என்பது. அதற்கு விடை தெரிந்த பிறகே, ஒருவித்திலையா இருவித்திலையா என்ற இரண்டாம் கேள்விக்குச் செல்ல வேண்டும். வரிசை மாறினால் விடை தவறும். சான்றாக, மக்காச்சோள வேரில் வாஸ்குலத் திசுக்கள் வளையமாக அமைந்து, நடுவில் பித் இருக்கும். வளையத்தை மட்டும் கண்டு இதை இருவித்திலைத் தண்டு என எழுதிவிடுவது மாணவர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழையாகும்.

சீவல் எடுத்தல்

இளம் வேரையோ தண்டையோ நெட்டித் துண்டின் அல்லது கேரட் துண்டின் பிளவில் செருகி, நீரில் நனைத்த கூரிய பிளேடால் ஒரே இழுப்பாகச் சீவ வேண்டும். சீவல்களை நீரிலிட்டு, மிக மெல்லியதைத் தூரிகையால் எடுத்துச் சில நிமிடங்கள் சாஃப்ரானின் சாயத்தில் வைத்து, நீரில் கழுவி, கண்ணாடி வில்லையில் ஒரு துளி கிளிசரினில் பரப்பிக் கவர் கிளாசால் மூட வேண்டும். லிக்னின் படிந்த சைலம், ஸ்கிளிரன்கைமா ஆகியவற்றின் சுவர்கள் சிவப்பாகத் தெரியும். சைலக் குழாய்கள் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கமாக நீண்டு தெரிந்தால் சீவல் சாய்வாக வெட்டப்பட்டுள்ளது என்று பொருள். அதைக் கொண்டு முடிவு செய்யாமல் வேறு சீவல் எடுக்க வேண்டும்.

முதல் கேள்வி: வேரா, தண்டா?

வேரில் சைலமும் புளோயமும் தனித்தனி ஆரங்களில் மாறி மாறி அமைந்திருக்கும். இது ஆரப்போக்கு அமைப்பு எனப்படும். தண்டில் இவ்விரண்டும் ஒரே ஆரத்தில், புளோயம் வெளிப்புறமாகவும் சைலம் உட்புறமாகவும், ஒரே கற்றையாகச் சேர்ந்திருக்கும். இது ஒருங்கமைந்த கற்றை எனப்படும்.

அடுத்து, புரோட்டோசைலம் இருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். முதலில் தோன்றும் சைலம் புரோட்டோசைலம். அதன் குழாய்கள் குறுகியவை. பின்னர் தோன்றும் மெட்டாசைலத்தின் குழாய்கள் அகன்றவை. வேரில் குறுகிய குழாய்கள் வெளிப்புறம் நோக்கி இருக்கும். இது எக்ஸார்க் நிலை. தண்டில் அவை மையத்தை நோக்கி இருக்கும்; இது எண்டார்க் நிலை.

இந்த வேறுபாட்டை வேரின் பணியோடு சேர்த்துப் பார்த்தால் நினைவில் வைப்பது எளிது. வேர்த்தூவி உறிஞ்சும் நீர் புறணியைக் கடந்து உள்ளே வருகிறது. சைலம் புளோயத்துக்குப் பின்னால் மறைந்திராமல் பக்கத்தில் தனியே இருப்பதால், நீர் புளோயத்தைக் கடக்காமலேயே சைலத்தை அடைகிறது. புறணியின் கடைசி அடுக்கான அகத்தோலின் செல்சுவர்களில் காஸ்பாரியன் பட்டைகள் உள்ளன. இவை சுவர் வழியாக வரும் நீரைத் தடுத்து, செல்லுக்குள் புகுந்து செல்லச் செய்கின்றன. முதிர்ந்த அகத்தோலில் பல செல்களின் சுவர் தடித்துவிட்டாலும், புரோட்டோசைலத்துக்கு நேர் எதிரே உள்ள சில செல்கள் மெல்லிய சுவருடன் இருக்கும். இவை வழிச்செல்கள் ஆகும்.

இரண்டாம் கேள்வி: ஒருவித்திலையா, இருவித்திலையா?

வேர் என்று உறுதியானால் சைல முனைகளை எண்ண வேண்டும். அவரை வேரில் பொதுவாக நான்கு முனைகள் இருக்கும். பித் மிகச் சிறியதாகவோ இல்லாமலோ இருக்கும். சைலத்துக்கும் புளோயத்துக்கும் இடைப்பட்ட இணைப்புத் திசு பாரன்கைமாவால் ஆனது. மக்காச்சோள வேரில் முனைகள் ஆறுக்கு மேற்பட்டுப் பலவாக இருக்கும். நடுவில் பெரிய பித் உண்டு. இணைப்புத் திசு பெரும்பாலும் ஸ்கிளிரன்கைமாவால் ஆனது.

தண்டு என்று உறுதியானால் கற்றைகளின் அமைப்பைப் பார்க்க வேண்டும். சூரியகாந்தித் தண்டில் கற்றைகள் ஒரு வளையமாக அமைந்திருக்கும். வளையத்துக்கு வெளியே புறணியும், உள்ளே பெரிய பித்தும் தெளிவாகப் பிரிந்திருக்கும். புறத்தோலுக்கு அடியில் கோலன்கைமா இருக்கும். ஒவ்வொரு கற்றையிலும் சைலத்துக்கும் புளோயத்துக்கும் நடுவே கேம்பியம் உள்ளதால் இது திறந்த கற்றை எனப்படும்.

மக்காச்சோளத் தண்டில் கற்றைகள் அடிப்படைத் திசுவெங்கும் சிதறியிருக்கும். ஓரத்தில் சிறியவையாக நெருங்கியும், நடுவில் பெரியவையாக விலகியும் காணப்படும். புறணி, பித் என்ற பிரிவு இல்லை. புறத்தோலுக்கு அடியில் ஸ்கிளிரன்கைமா இருக்கும். ஒவ்வொரு கற்றையைச் சுற்றியும் ஸ்கிளிரன்கைமா உறை உண்டு. இரண்டு பெரிய மெட்டாசைலக் குழாய்கள் இரு பக்கமும் இருக்க, புரோட்டோசைலம் அவற்றின் கீழே மையத்தை நோக்கி நிற்பதால் சைலம் Y வடிவில் தெரியும். அதன் அடியில் ஓர் இடைவெளியும் காணப்படும். கேம்பியம் இல்லாததால் இது மூடிய கற்றை ஆகும்.

ஒரு சீவலைக் கண்டறிதல்

வளையமாக அமைந்த வாஸ்குலத் திசுக்களும் நடுவில் பித்தும் கொண்ட சீவல் ஒன்று தரப்பட்டுள்ளது எனக் கொள்வோம். பெரிய குழாய் ஒன்றிலிருந்து வெளிப்புறமாகப் பார்வையை நகர்த்தினால் குழாய்கள் சிறியவையாகிக்கொண்டே செல்கின்றன. எனவே இது எக்ஸார்க். அந்தச் சைலத்துக்கு வெளியே அதே ஆரத்தில் புளோயம் இல்லை. அது பக்கத்து ஆரத்தில் உள்ளது. எனவே இது வேர். முனைகளை எண்ணினால் பன்னிரண்டு, பித்தும் பெரியது. ஆகவே இது ஒருவித்திலை வேர். வளையத்தை மட்டும் பார்த்திருந்தால் விடை சூரியகாந்தித் தண்டு என்று போயிருக்கும்.

இந்த முறை இளம் உறுப்புகளுக்கே பொருந்தும். இருவித்திலை வேர் முதிர்ந்து தடிக்கும்போது புதிய சைலம் நடுப்பகுதியை நிரப்பிவிடுவதால், அது பார்வைக்குத் தண்டு போலாகிவிடும். அப்போதும் முதலில் தோன்றிய எக்ஸார்க் சைலம் நடுவில் எஞ்சியிருப்பதைத் தேட வேண்டும். பூசணித் தண்டில் சைலத்தின் இரு பக்கமும் புளோயம் இருக்கும். கோதுமைத் தண்டின் கணுவிடைகள் பெரும்பாலும் உள்ளீடற்றவை. இவற்றைத் தனியே நினைவில் கொள்ள வேண்டும்.

வயலில் தெரியும் விளைவு

மாமரத்தில் ஒட்டுக் கட்டும்போது ஒட்டுச்செடியின் கேம்பியமும் ஒட்டுக்குச்சியின் கேம்பியமும் ஒன்றையொன்று தொட வேண்டும். தொடாவிட்டால் ஒட்டு பிடிக்காது. வாழை, தென்னை, கரும்பு ஆகியவற்றில் கேம்பியம் இல்லாததால் இம்முறையில் ஒட்டுக் கட்ட இயலாது. வாழை பக்கக்கன்றாலும், கரும்பு கரணையாலும், தென்னை விதைக்காயாலும் பெருக்கப்படுகின்றன.

மாமரத்தின் பட்டையை அடிமரத்தைச் சுற்றி முழு வளையமாக உரித்தால், புளோயம் முழுவதும் பட்டையோடு போய்விடும். வேருக்கு உணவு செல்லாமல் மரம் நாளடைவில் பட்டுப்போகும். தென்னையில் புளோயம் தண்டெங்கும் சிதறிய கற்றைகளில் இருப்பதால், ஏறுவதற்காக வெட்டிய படிகளோடும் மரம் காய்க்கும். ஆனால் காயத்தை மூடிப் புதுத் திசு வளரச் செய்யும் கேம்பியம் இல்லாததால், அந்த வெட்டு மரத்தின் ஆயுள் வரை ஆறாமல் அப்படியே நிற்கும்.